அந்த முத்திரை வண்டிக்குரியது அல்ல

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, செயிண்ட் பியேரிலிருந்து என் அண்ணன் மகள் மூன்று படங்களை அனுப்பினாள். அவற்றின் கீழே, "அத்தை, அறுபது யூரோ கேட்கிறார்கள். CE முத்திரை இருக்கிறது. வாங்கலாமா?" என்று எழுதியிருந்தாள். படத்தில் இருந்தது கருநீலத் துணி போட்ட குழந்தைத் தள்ளுவண்டி. விற்பவர் செயிண்ட் லெவில் வசிக்கும் ஓர் அம்மா. வண்டிக்கு மூன்று வயதுதான் என்றும், காலையில் பதில் சொல்லாவிட்டால் வேறொருவர் எடுத்துக்கொள்வார் என்றும் சொல்லியிருந்தார். அண்ணன் மகளின் பையனுக்கு அப்போது ஏழு மாதம். நிழல்கூரையில் எழுதியிருந்த பெயருடைய வண்டியைக் கடையில் புதிதாக வாங்கினால் அறுபதைப் போல ஆறு மடங்காவது ஆகும். அவளுக்கு ஆசை வந்ததில் வியப்பில்லை.

லெ போர் துறைமுகத்தில் வந்து இறங்கும் சரக்குகளின் லேபிள்களையும் ஆவணங்களையும் சரிபார்ப்பது என் வேலை. அதில் குழந்தைப் பொருட்கள் என் பிரிவு. பெட்டியைத் திறந்து வண்டியைக் கையால் விரித்துப் பார்த்துப் பழகியவள் நான். படத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வது வேறு வேலை. அந்த மூன்று படங்களில் எவ்வளவு தெரிந்தது, எது தவறாகத் தெரிந்தது, எது தெரியவே இல்லை என்பதை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். எங்கள் ரீயூனியன் தீவில் பழைய வண்டி கைமாறுவது அன்றாடம் நடப்பது. ஒரே வண்டியில் மூன்று வீட்டுப் பிள்ளைகள் வளர்ந்துவிடுகிறார்கள்.

முதல் படத்தில் வண்டி முழுதாகத் தெரிந்தது. இரண்டாவது இருக்கையின் படம். மூன்றாவது படத்தில் ஒரு வெள்ளைத் துணிச் சீட்டு பெரிதாகத் தெரிந்தது, அதில் CE என்ற இரண்டு எழுத்துகள், ஐரோப்பிய விதிகளுக்கு இணங்கிய பொருள் என்பதற்கான முத்திரை. விற்பவர் அதைத் தனியாகப் படம் பிடித்திருந்ததிலிருந்தே அவர் அதை எவ்வளவு நம்பினார் என்பது புரிந்தது. நான் முதலில் பெரிதாக்கிப் பார்த்ததும் அதைத்தான். சீட்டின் ஓரத்தில் சாம்பல் நிறப் பஞ்சுத்துணி கொஞ்சம் தெரிந்தது. இரண்டாவது படத்துக்குப் போனேன். கைப்பிடிக் கம்பியில் ஒரு சின்ன யானைப் பொம்மை தொங்கியது. அதே சாம்பல் நிறம், அதே பஞ்சுத்துணி. சீட்டு யானையின் காலடியில் தைக்கப்பட்டிருந்தது.

பொம்மைக்கு CE முத்திரை இருக்கத்தான் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் பொம்மைப் பாதுகாப்புச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பிரான்சின் கடல்கடந்த மாவட்டமான ரீயூனியனிலும் அந்தச் சட்டம்தான் நடைமுறையில் இருக்கிறது. குழந்தைத் தள்ளுவண்டியின் நிலை வேறு. அதற்கு CE முத்திரை இடவேண்டும் என்று எந்த ஐரோப்பிய விதியும் சொல்லவில்லை. கேட்கப்படாத பொருளில் அந்த முத்திரையை இடக்கூடாது என்று 2008ஆம் ஆண்டின் 765ஆம் எண் ஒழுங்குவிதி சொல்கிறது. ஆகவே வண்டியின் கம்பிச்சட்டத்திலேயே CE என்று பெரிதாக அச்சிட்டிருந்தால், அதை ஒட்டியவருக்கு விதி தெரியவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். பால்புட்டிக்கும் இதே நிலைதான். பெற்றோர் பலர் தேடிப் பார்க்கும் முதல் அடையாளமே இந்த இரண்டு பொருட்களுக்கும் உரியது அல்ல என்பதை ஒவ்வொரு முறையும் நான் விளக்கவேண்டியிருக்கிறது.

வண்டியில் தேடவேண்டியது EN 1888 என்ற எண். அது சக்கரமுள்ள குழந்தை வண்டிகளுக்கான ஐரோப்பியத் தரம். இப்போது அது இரண்டு பகுதிகளாக இருக்கிறது. 15 கிலோ வரையுள்ள பிள்ளைகளுக்கான வண்டிக்கு EN 1888-1, அதற்கு மேல் 22 கிலோ வரை தாங்கும் வண்டிக்கு EN 1888-2. எண்ணுக்குப் பின்னால் ஒரு முக்காற்புள்ளியிட்டு ஆண்டும் இருக்கும். அந்த ஆண்டைப் பலர் படிப்பதில்லை, ஆனால் இந்த வழக்கில் எல்லாமே அதில்தான் போய் நின்றது. இந்த எண்ணோடு, பாதுகாப்புத் தேவைகளுக்கு இணங்கியது என்று பொருள்படும் பிரெஞ்சு வாசகமும், செய்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும் வண்டியிலோ பெட்டியிலோ இருக்கவேண்டும் என்று 1991 டிசம்பர் 20ஆம் நாளிட்ட பிரெஞ்சு ஆணை கேட்கிறது. பழைய வண்டிக்குப் பெட்டி இருப்பதில்லை. ஆகவே சட்டக் கம்பியில் ஒட்டிய லேபிள்தான் வண்டியின் பிறப்புச் சான்றிதழ். அனுப்பிய மூன்று படங்களிலும் அது இல்லை.

பெயரை மறைத்துவிட்டுப் பார்த்தபோது

அவளுக்கு உடனே பதில் எழுதவில்லை. முதல் படத்திலேயே இன்னும் பார்க்கவேண்டியது இருந்தது.

வண்டியை அடையாளம் காணும்போது துணியையும் நிறத்தையும் நம்பக்கூடாது. துணி ஆண்டுக்கு ஆண்டு மாறும், கழற்றித் துவைக்கலாம், உதிரியாகவும் விற்கிறார்கள். மாறாதது எலும்புக்கூடுதான். கீல் எந்த இடத்தில் இருக்கிறது, அதன் மூடி வட்டமா நீளமா, பின் அச்சு சட்டத்தோடு எப்படிச் சேர்கிறது, பிரேக் மிதி நடுவில் ஒன்றா இரு சக்கரத்திலும் தனித்தனியா, சக்கரத்தில் எத்தனை ஆரங்கள் என்பதையே பார்ப்பேன். விளம்பரப் படங்களோடு ஒப்பிடுவதைவிட நிறுவனங்கள் இணையத்தில் வைத்திருக்கும் பயன்பாட்டுக் கையேட்டோடு ஒப்பிடுவது நல்லது. அதில் கோட்டுப்படங்களாக இருப்பதால் கீலும் மிதியும் தெளிவாகத் தெரியும்.

நிழல்கூரையில் இருந்த பெயரின்படி அந்த நிறுவனத்தின் கையேடுகளை எடுத்துப் பார்த்தேன். அவற்றில் மிதி நடுவில் ஒன்றாக இருந்தது. படத்திலோ இரு சக்கரத்துக்கும் தனித்தனி மிதி. கையேட்டில் கீல் கைப்பிடிக்கு அருகில், படத்தில் இருக்கைக்குப் பக்கத்தில். அப்போதுதான் நிழல்கூரையைத் திரும்பப் பார்த்தேன். வலப்பக்கம் அது பிளாஸ்டிக் பிடியில் மாட்டியிருந்தது. இடப்பக்கம் பிடி பொருந்தாமல் ஒரு கறுப்பு நாடாவால் கட்டப்பட்டிருந்தது. ஒரு நிறுவனத்தின் கூரையை இன்னொருவரின் வண்டியில் போட்டிருந்தார்கள்.

இதில் ஏமாற்று இருக்கவேண்டும் என்பதில்லை. எங்கள் வெயிலில் துணி இரண்டு ஆண்டில் வெளுத்துவிடும், கிடைத்ததை வாங்கி மாட்டுவார்கள். ஆனால் விளைவு ஒன்றுதான். கூரையில் இருக்கும் பெயரை வைத்துத் திரும்பப் பெறப்பட்ட பொருட்களின் பட்டியலில் தேடியிருந்தால் நான் வேறொரு வண்டியைப் பற்றித் தேடியிருப்பேன். ஒன்றும் இல்லை என்று வந்திருக்கும், நானும் வாங்கிக்கொள் என்று எழுதியிருப்பேன். பொருளைத் தவறாக அடையாளம் கண்டுவிட்டால், அதன் பிறகு எவ்வளவு சரியாகச் சோதித்தாலும் பயனில்லை.

கைப்பேசியில் படத்தைக் கொண்டு தேடும் வசதி இப்போது எல்லாரிடமும் இருக்கிறது. அதை நானும் பயன்படுத்தினேன். முழுப் படத்தைக் கொடுத்தால் அது கூரையில் உள்ள எழுத்தைப் பிடித்துக்கொண்டு அந்த நிறுவனத்தின் வண்டிகளையே காட்டியது. எழுத்து இல்லாதபடி கீலையும் பின் அச்சையும் மட்டும் வெட்டியெடுத்துக் கொடுத்தபோது உண்மையான முகம் தெரியத் தொடங்கியது. ஆனால் ஒரே சட்டம் நான்கு வெவ்வேறு பெயர்களில் விற்கப்பட்டிருந்தது. ஒரே தொழிற்சாலையிலிருந்து சட்டத்தை வாங்கி அவரவர் பெயரைப் போட்டு விற்பது இந்தத் தொழிலில் வழக்கம். குடும்பம் தெரிந்தது, பெயர் தெரியவில்லை. லேபிள் இல்லாமல் அதற்கு மேல் போக முடியாது.

முதல் படத்தை மூடுவதற்கு முன் இரண்டு கீல்களையும் மாறி மாறிப் பெரிதாக்கினேன். இது என் பழக்கம். வண்டி இரு பக்கமும் ஒன்றுபோல இருக்கவேண்டிய பொருள், ஆகவே ஒரு பக்கமே மறுபக்கத்துக்கு அளவுகோல். வலது கீலில் இரண்டு பாகங்களும் ஒட்டி மூடியிருந்தன. இடது கீலில் அவற்றுக்கிடையே ஒரு கோடு வெளிச்சம் தெரிந்தது. ஒரு நாணயத்தின் தடிப்பளவுதான் இருக்கும். அதன் கீழே கறுப்பாக ஏதோ சுற்றியிருந்தது. நிழலா பொருளா என்று சொல்ல முடியவில்லை.

கேட்டு வாங்கிய படங்கள்

அண்ணன் மகளை அழைத்து, விற்பவரிடம் இன்னும் நான்கு படங்கள் கேட்கச் சொன்னேன். வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பின் அச்சையும் கால்வைக்கும் தட்டின் அடிப்பக்கத்தையும் எடுக்கவேண்டும். சட்டக் கம்பிகளின் உட்புறத்தில் எங்காவது ஒட்டுக்காகிதம் இருந்தால் அது. இரண்டு கீல்களும் நெருக்கத்தில், வண்டி விரித்துப் பூட்டிய நிலையில். பின்சக்கரம் பொருந்தும் பிளாஸ்டிக் பாகத்தின் உட்பக்கம். ஃபிளாஷ் போடவேண்டாம், லேபிள் பளபளத்து எழுத்து மறைந்துவிடும் என்றேன். ஜன்னலுக்குப் பக்கத்தில் வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் சரிந்து விழும்படி எடுத்தால் அழிந்த அச்சுகூட மேடுபள்ளமாகத் தெரியும். மிக அருகில் போனால் கைப்பேசியின் நிழலே விழும், முழங்கை நீளம் விலகி நின்று பெரிதாக்கி எடுப்பது நல்லது.

"அவர் கோபித்துக்கொள்ள மாட்டாரா, அத்தை?" என்றாள்.

"மூன்று வயது வண்டி என்று நம்பி விற்கிறவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கேட்டுப் பார், அம்மா" என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. இரவு ஒன்பது மணிக்கு நான்குக்குப் பதில் ஏழு படங்கள் வந்தன.

பின்சக்கரப் பிடியின் உட்பக்கத்தில் நான் எதிர்பார்த்தது இருந்தது. வார்ப்பு அச்சில் செய்யும் பிளாஸ்டிக் பாகங்களில், சட்டைப் பொத்தானைவிடச் சிறிய வட்டம் ஒன்று பதிந்திருக்கும். கடிகார முகம்போல ஓரத்தில் 1 முதல் 12 வரை எண்கள், நடுவில் ஓர் அம்புக்குறி, அம்பின் இருபுறமும் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள். அம்பு எந்த எண்ணைக் காட்டுகிறதோ அந்த மாதத்தில் அந்தப் பாகம் வார்க்கப்பட்டது. லேபிளைக் கிழிக்கலாம், துணியை மாற்றலாம், இந்த வட்டத்தை யாரும் கவனிப்பதுகூட இல்லை. எல்லா வண்டியிலும் இது இருக்காது, ஆனால் இருக்கும்போது பொய் சொல்லாது.

பின்சக்கரப் பிடியில் அம்பு 4ஐக் காட்டியது, இருபுறமும் 1, 1. அதாவது 2011 ஏப்ரல். வலது கீல் மூடியில் அதே ஆண்டின் மார்ச். முன்சக்கரம் ஒன்றில் மட்டும் 2017 ஆகஸ்ட் இருந்தது. ஒரே ஒரு வட்டத்தைப் பார்த்து முடிவு கட்டினால் இங்கே வழுக்கிவிடும். சக்கரம் தேய்ந்து மாற்றப்படும் பாகம். சட்டத்தோடு சேர்ந்த, எளிதில் மாற்ற முடியாத இரண்டு மூன்று பாகங்களின் தேதிகள் ஒத்துப்போனால்தான் அது வண்டியின் வயது. கீலும் பிடியும் ஒத்துப்போயின. மூன்று வயது வண்டி என்பது சரியல்ல.

லேபிள் வலது பின்கம்பியின் உட்புறத்தில் இருந்தது. மேல்பாதி உரிந்து போயிருந்தது. மீதியில் பிரான்சின் பெருநிலப்பகுதி முகவரி ஒன்றின் கடைசி வரி, மாதிரி எண்ணின் முழு எழுத்துகள், அதன் கீழே EN 1888:2003. அந்தத் தரத்தின் 2003ஆம் ஆண்டுப் பதிப்பு 2012இல் புதிய பதிப்புக்கு இடம் கொடுத்தது. பிறகு 2018இல்தான் மேலே சொன்ன இரண்டு பகுதிகள் வந்தன. வார்ப்பு வட்டம் சொன்னதையே லேபிளும் சொன்னது. அந்த லேபிள் போலியல்ல. 2011இல் செய்த வண்டிக்கு 2011இல் இருந்த விதியின்படி நேர்மையாக இட்ட முத்திரை. ஆனால் அது அந்த ஆண்டைப் பற்றி மட்டுமே பேசுகிறது. அதற்குப் பிறகு அந்த வண்டி எத்தனை வீடு ஏறி இறங்கியது என்பது அதற்குத் தெரியாது.

மாதிரி எண் கிடைத்துவிட்டதால் இப்போது தேடலாம். பிரான்சில் திரும்பப் பெறப்படும் பொருட்களை ஒரே இடத்தில் அறிவிக்கும் rappel.conso.gouv.fr தளம் 2021 ஏப்ரலில்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய அறிவிப்புகளை அதில் தேடிப் பயனில்லை. 2011ஆம் ஆண்டு வண்டிக்கு, முன்பு ராப்பெக்ஸ் என்று அழைக்கப்பட்ட ஐரோப்பிய ஆபத்து அறிவிப்புத் தளமான Safety Gate தான் இடம். இரண்டிலும் தேடினேன், அந்த மாதிரி எண்ணுக்கு அறிவிப்பு எதுவும் இல்லை. இதைப் பலர் பச்சைக்கொடியாக எடுத்துக்கொள்கிறார்கள். அறிவிப்பு இல்லை என்றால் அந்த மாதிரியைப் பற்றி யாரும் புகார் பதிவு செய்து நடவடிக்கை வரவில்லை என்று பொருள். நம் கையில் இருக்கும் ஒரே ஒரு வண்டியைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

முடிவைச் சொன்னது கீல் படம். இடது கீலின் பூட்டுநாக்கு இருக்கும் உறையில் மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியது. அதன் மேல் கறுப்பு பிளாஸ்டிக் கட்டுநாடாவை மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கியிருந்தார்கள். மாலையில் நிழல் என்று நினைத்தது அதுதான்.

மடக்கும் வண்டியில் பூட்டு ஒன்று போதாது. குறைந்தது இரண்டு இருக்கவேண்டும் என்பதும், அவற்றில் ஒன்றாவது வண்டியை விரித்தவுடன் தானாகவே விழவேண்டும் என்பதும் EN 1888 வைக்கும் நிபந்தனை. ஒன்றைப் போட மறந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும் என்பதற்காக. இந்த வண்டியில் தானாக விழும் பூட்டுதான் விரிசல் விட்டிருந்தது. நாடா கீலை ஒட்டி வைத்திருக்கும், பூட்டாது. ஒரு நடைபாதை விளிம்பில் முன்சக்கரத்தை ஏற்றும்போது சட்டம் முறுக்கும். அப்போது இடப்பக்கம் விட்டுக்கொடுத்தால், பிள்ளை உள்ளே இருக்க வண்டி மடங்கும். பிள்ளையின் கை எங்கே இருக்கும்? பெரும்பாலும் பக்கக் கம்பியில், கீலின் மேல்.

கீலின் வலிமை என்னவென்று 2009 நவம்பரில் உலகம் பார்த்தது. மக்லாரன் நிறுவனத்தின் குடைபோல மடங்கும் வண்டிகள் ஏறத்தாழ பத்து லட்சம் அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்டன. கீலில் சிக்கிப் பிள்ளைகளின் விரல்நுனி துண்டான 12 நிகழ்வுகள் பதிவாகியிருந்தன. அவை மலிவு வண்டிகள் அல்ல, பெயர்பெற்றவை. நிறுவனம் செய்தது கீலை மூடும் உறைகளை இலவசமாகக் கொடுத்தது. இன்றும் அந்தக் காலத்து வண்டி ஒன்றின் படம் என்னிடம் வந்தால் நான் முதலில் பார்ப்பது கீலின் மேல் உறை இருக்கிறதா என்பதைத்தான். இது படத்தில் தெரியும் விஷயம்.

படத்தில் தெரியாதவையும் உண்டு. பிரேக் பிடிக்குமா, பட்டையின் கொக்கி இழுத்தால் நிற்குமா, வெயிலில் பதினைந்து ஆண்டு நின்ற பிளாஸ்டிக் உள்ளே எவ்வளவு பொரிந்திருக்கிறது என்பதையெல்லாம் எந்தப் படமும் காட்டாது. அதற்கு நேரில் போகவேண்டும். இந்த வண்டிக்கு அது தேவைப்படவில்லை.

கூடையில் இருந்த பால்புட்டி

ஏழு படங்களில் ஒன்றில், வண்டியின் அடிக்கூடையில் ஒரு பால்புட்டி கிடந்தது. வண்டியோடு அதையும் இனாமாகத் தருவதாக விற்பவர் சொல்லியிருந்தார். கண்ணாடிபோலத் தெளிவான, கெட்டியான புட்டி. அண்ணன் மகளுக்கு அது பிடித்திருந்தது, வீட்டில் இருப்பவை மங்கலாக இருக்கின்றன என்றாள். அடிப்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன்.

அடியில் மதுக்கிண்ணமும் முள்கரண்டியும் சேர்ந்த சின்னம் இருந்தது, உணவோடு சேரத்தக்க பொருள் என்பதற்கான ஐரோப்பிய அடையாளம். அதன் பக்கத்தில் அம்புகளால் ஆன முக்கோணம், உள்ளே 7, கீழே PC. கடைசி இரண்டு எழுத்துகள்தான் விஷயம். முக்கோணத்துக்குள் இருக்கும் 7க்கு மற்றவை என்று பொருள். 1 முதல் 6 வரை அடங்காத எல்லாப் பிளாஸ்டிக்கும் அதில் வரும், பாதுகாப்பான பல புதிய வகைகளும்கூட. ஆகவே 7ஐப் பார்த்தவுடன் பயப்படத் தேவையில்லை. PC என்றால் பாலிகார்பனேட். அது பிஸ்பெனால் ஏ என்ற வேதிப்பொருளைக் கொண்டு செய்யப்படுவது. சூடான பாலும் கொதிக்க வைத்துக் கழுவுவதும் அதை மெல்ல மெல்லக் கசியவைக்கும்.

பிரான்ஸ் 2010 ஜூன் சட்டத்தால் அத்தகைய பால்புட்டிகளை நிறுத்திவைத்தது. 2011 மார்ச் முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலும் அவற்றைச் செய்வதும், ஜூன் முதல் விற்பதும் இறக்குமதி செய்வதும் தடை செய்யப்பட்டன. அப்படியானால் கிண்ணமும் முள்கரண்டியும் எப்படி வந்தன? தடைக்கு முன் அந்தப் புட்டி விதிக்கு உட்பட்டதே. வண்டியின் EN 1888:2003 போல இதுவும் தன் காலத்துக்கு உண்மையாக இருந்த சின்னம். எழுத்து தேய்ந்து போயிருந்தால் நிறமும் கொஞ்சம் உதவும். பாலிபுரோப்பிலீன் புட்டியில் 5 என்ற எண்ணும் PP என்ற எழுத்தும் இருக்கும், பார்வைக்கு லேசாகப் பால் கலந்ததுபோல மங்கலாக இருக்கும். அண்ணன் மகளின் வீட்டில் இருந்தவை இவைதான், மங்கல் ஒரு குறை அல்ல. தேன் நிறத்தில் இருந்தால் பெரும்பாலும் PES அல்லது PPSU. பளிச்சென்று கண்ணாடிபோல, கெட்டியாக, எழுத்தே இல்லாமல் இருக்கும் பழைய புட்டியை நான் பாலிகார்பனேட் என்றே வைத்துக்கொண்டு ஒதுக்கிவிடுவேன். புதிய பிளாஸ்டிக்கிலும் அவ்வளவு தெளிவானவை உண்டு என்பதால் படத்தை வைத்து மட்டும் பிரிக்க முடியாது. பால்புட்டி விஷயத்தில் சந்தேகத்தின் பலனைப் புட்டிக்குக் கொடுக்க நான் தயாரில்லை.

இதைச் சொன்னதும் அவளுக்கு மாமியார் புதுச்சேரியிலிருந்து கொண்டு வந்த புட்டியின் நினைவு வந்தது. அதில் ஐரோப்பியச் சின்னம் எதுவும் இல்லை, அதைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்றாள். அதன் படத்தையும் பார்த்தேன். ISI முத்திரை தெளிவாக இருந்தது, மேலே IS 14625, கீழே CM/L என்று தொடங்கும் உரிம எண். இந்தியாவில் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பால்புட்டிக்கு இந்த முத்திரை கட்டாயம். மேலே உள்ளது பால்புட்டிக்கான தர எண், கீழே உள்ளது எந்தத் தொழிற்சாலை என்பதைக் காட்டும் எண். இரண்டில் ஒன்று இல்லாமல் முத்திரையின் வடிவம் மட்டும் இருந்தால் நம்பக்கூடாது. உரிம எண்ணை இந்தியத் தர நிறுவனத்தின் BIS Care செயலியில் போட்டுப் பார்க்கலாம். வரும் பெயரும் புட்டியில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கவேண்டும், உரிமம் நடப்பில் இருக்கவேண்டும். இருந்தன. அடியில் 5, PP. அதை வைத்துக்கொள்ளச் சொன்னேன். மாமியார் ஆசையாகக் கொண்டுவந்ததை வீசவேண்டியிருக்கவில்லை என்பதில் எனக்கு உண்மையான நிம்மதி.

மறுநாள்

காலையில் அண்ணன் மகள் விற்பவரை அழைத்து வேண்டாம் என்றாள். காரணத்தையும் சொல்லச் சொல்லியிருந்தேன். வேண்டாம் என்று மட்டும் சொன்னால் அடுத்த ஆள் வாங்கிவிடுவார். அந்த அம்மா முதலில் நம்பவில்லை. மூன்று ஆண்டுக்கு முன் ஒரு பழைய பொருள் சந்தையில் வாங்கியதாகவும், அதனால்தான் மூன்று வயது என்று எழுதியதாகவும் சொன்னார். கட்டுநாடாவைப் போட்டது அவருடைய கணவர். கீல் ஆடியது, கட்டியபின் ஆடவில்லை, சரியாகிவிட்டது என்று நினைத்திருந்தார்கள். பின்சக்கரத்தின் உட்பக்கம் இருக்கும் வட்டத்தை அண்ணன் மகள் விளக்க, அவர் கைப்பேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டே போய்ப் பார்த்தாராம். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, தன் இரண்டாவது பிள்ளை அதில்தான் தூங்குவான் என்று மட்டும் சொன்னார். அன்றே விளம்பரத்தை எடுத்துவிட்டார்.

கடைக்காரரோ நிறுவனமோ விற்றால், பழைய பொருளாக இருந்தாலும், 2024 டிசம்பர் 13 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியப் பொதுப் பொருள் பாதுகாப்பு ஒழுங்குவிதி அவரைப் பொறுப்பாக்கும். இந்த அம்மாவைப் போல வீட்டிலிருந்து ஒரு வண்டியை விற்கும் தனிமனிதரை அது தொடாது. அங்கே பார்க்கவேண்டிய கண் வாங்குபவருடையதுதான்.

அடுத்த வியாழக்கிழமை லெ தாம்போனிலிருந்து இன்னொரு வண்டியின் படம் வந்தது, நூற்றுப்பத்து யூரோ. இந்த முறை அவள் முதலில் அனுப்பியது லேபிளைத்தான். EN 1888-1:2018, முழு முகவரி, மாதிரி எண், பிரெஞ்சில் எச்சரிக்கை வரிகள். பிள்ளையைத் தனியே விடாதே, பூட்டுகள் அனைத்தும் விழுந்தனவா என்று பார், மடக்கும்போது பிள்ளையை விலக்கி வை. வார்ப்பு வட்டங்கள் மூன்றும் 2022ஐச் சொல்லின. கையேட்டின் கோட்டுப்படத்தோடு கீலும் மிதியும் பொருந்தின. இரண்டு தளங்களிலும் தேடினேன், எதுவும் இல்லை.

சனிக்கிழமை அவள் நேரில் போனாள். நான் சொன்னபடி பத்துக் கிலோ அரிசிப் பையை எடுத்துச்சென்று, வண்டியில் வைத்துப் பட்டையைப் பூட்டி, அந்த வீட்டு வாசல் சரிவில் பிரேக்கை மிதித்து, முதலில் முகப்பு கீழ்நோக்கியும் பிறகு மேல்நோக்கியும் நிறுத்தினாள். நகரவில்லை. பிறகு பையை எடுத்துவிட்டு, மடக்கி மூன்று முறை விரித்தாள். ஒவ்வொரு முறையும் பூட்டு தானாக விழும் ஓசையை நான் கேட்கவேண்டும் என்று கைப்பேசியைக் கீலுக்குப் பக்கத்தில் பிடித்தாள். இடப்பக்கம் ஒரு டக், வலப்பக்கம் ஒரு டக். மூன்றாவது முறையில் இரண்டும் ஒன்றாகவே கேட்டன. "அத்தை, இது போதுமா?" என்றாள். பணத்தைக் கொடு, பையன் தூங்கி எழுந்தவுடன் உட்கார வைத்து ஒரு படம் அனுப்பு என்றேன்.